பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்: முதல் செமஸ்டருக்கு முன் நான்கு வாரம்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இந்த வருடம் நம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேருக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது என்று அம்மா சொன்னார். ரொம்பச் சந்தோஷம். இரண்டு வாரமாக ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து கேட்கிறீர்கள். "அக்கா, லேப்டாப் இப்பவே வாங்கணுமா?" "பைத்தான் கிளாஸ் சேரட்டுமா?" "ஃபிசிக்ஸ் நோட்ஸ் இருக்கா?" ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

ஒதுக்கீட்டு ஆணை வந்த நாளுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் உங்களுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் இருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். 11ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்து, அதில் மூன்று பகுதிகளைப் பேனா பிடித்துப் போட்டு முடியுங்கள். அணிகளும் அணிக்கோவைகளும், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம். புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

12ஆம் வகுப்பு முடித்தவர்களை ஏன் 11க்குத் திருப்பி அனுப்புகிறேன் என்று கேட்பீர்கள். முதல் செமஸ்டரில் நம் ஆட்கள் அதிகமாகத் தவறவிடும் பேப்பர் கணக்கு. நான் படித்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில், அதாவது பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் சேர்ந்த தொகுப்பில், அதன் பெயர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. ஐந்து யூனிட். முதல் யூனிட் அணிகள். இரண்டாவது ஒரு மாறியின் வகையிடல், மூன்றாவது பல மாறிகளின் வகையிடல். நான்காவது தொகையிடல், ஐந்தாவது இரட்டை, மும்மைத் தொகையிடல். வினாத்தாளில் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு 2 மார்க் கேள்வி, ஒரு 16 மார்க் கேள்வி வரும். அதாவது யூனிட்டுக்கு 20 மார்க். அப்படியென்றால் 100 மார்க்கில் 20 மார்க் அணிக்கோவையை நம்பியும், 40 மார்க் வகையிடலை நம்பியும், 40 மார்க் தொகையிடலை நம்பியும் நிற்கிறது. இந்த மூன்றுக்கும் அடித்தளம் 11ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது. கல்லூரியில் அதை மறுபடி நடத்த மாட்டார்கள். "இது உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளியில் 11ஆம் வகுப்பு பாதியிலேயே 12ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். தொகை நுண்கணிதம் ஒரு வாரத்தில் ஓடிப்போனது. 12இல் நல்ல மார்க் வாங்கியதால் அந்த ஓட்டை எனக்கே தெரியாமல் இருந்தது. முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் கணக்குக்கு நேராக U, அதாவது ஃபெயில், என்று வந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் பாஸ் மார்க் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையில், எழுத்துத் தேர்வுள்ள பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100 மார்க்குக்கு எழுதுவீர்கள், அதை 60க்குச் சுருக்குவார்கள். பாஸ் ஆக இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும். மொத்தம் 50 வர வேண்டும். அதோடு, தேர்வில் மட்டும் 100க்கு 45 வர வேண்டும்.

என் கதையையே கணக்காகப் போடுகிறேன். எனக்கு இன்டர்னல் 26. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன், தேர்வில் 41. அதை 60க்குச் சுருக்கினால் 24.6. இரண்டையும் கூட்டினால் 50.6 வருகிறது. மொத்தம் 50ஐத் தாண்டியும் நான் ஃபெயில், ஏனென்றால் தேர்வில் 45 இல்லை. நான்கு மார்க்.

இன்டர்னல் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். தேர்வில் 45 வாங்கினால் சுருக்கி 27 வரும். ஆக இன்டர்னல் 23 இருந்தால் தேர்வில் 45 போதும். இன்டர்னல் 20 என்றால் தேர்வில் 50 வேண்டும். 15 என்றால் 59 வேண்டும். 23க்குக் கீழே போகும் ஒவ்வொரு இன்டர்னல் மார்க்குக்கும் தேர்வில் ஒன்றரை மார்க்குக்கு மேல் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். அதே சமயம் இன்டர்னல் 38 இருந்தாலும் தேர்வில் 45 எடுக்காமல் தப்பிக்க முடியாது. இன்டர்னல் நிறைய இருக்கிறது என்று தைரியமாக இருந்தவர்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். உங்கள் வகுப்புக்கு எந்த ஆண்டின் ஒழுங்குமுறை என்று சேர்ந்த அன்றே கேட்டு, இதே கணக்கை அந்த எண்களை வைத்துப் போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: அணிக்கோவை, குறிப்பாக மைனஸ் குறி

விடைத்தாள் நகலில் நான் முதலில் திருப்பியது அணிக் கணக்குப் பக்கத்தை. ஏனென்றால் அந்த ஒரு கேள்வியில் மட்டும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதே மாதிரியான ஒரு கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். இது எனக்கு வந்த கேள்வி இல்லை, ஆனால் நான் செய்த தப்பு அப்படியே இதில் நடக்கும்.

```
 3  -1   1
-1   5  -1
 1  -1   3
```

இதற்கு ஐகன் மதிப்புகளும் ஐகன் வெக்டர்களும் காண வேண்டும். கேள்வி எப்படி வந்தாலும் முதல் யூனிட்டின் 16 மார்க் பெரும்பாலும் இதில்தான் தொடங்கும். ஐகன் மதிப்பு என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். செய்யப்போகும் வேலை முழுக்க 11ஆம் வகுப்பு அணிக்கோவைதான்.

முதலில் இப்படி ஒரு சமன்பாட்டை எழுதுவோம்: λ³ − S1λ² + S2λ − S3 = 0. இதில் λ என்பதுதான் நாம் தேடும் ஐகன் மதிப்பு. S1 என்பது முதன்மை மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் கூட்டல். 3 + 5 + 3 = 11. S2 என்பது அந்த மூலைவிட்ட எண்களின் சிற்றணிக்கோவைகள் மூன்றையும் கூட்டியது. முதல் 3 இருக்கும் நிரையையும் நிரலையும் மறைத்தால் மிச்சம் 5, −1, −1, 3. அதன் மதிப்பு 15 − 1 = 14. நடுவில் இருக்கும் 5ஐ மறைத்தால் 9 − 1 = 8. கடைசி 3ஐ மறைத்தால் 15 − 1 = 14. கூட்டினால் S2 = 36.

S3 என்பது முழு அணிக்கோவையின் மதிப்பு. இங்கேதான் விழுந்தேன். முதல் நிரை வழியாக விரித்தால் இப்படி வரும்:

3(15 − 1) − (−1)(−3 + 1) + 1(1 − 5) = 42 − 2 − 4 = 36

நடு உறுப்பைப் பாருங்கள். அதன் சிற்றணிக்கோவை (−1)(3) − (−1)(1). சரியாகப் போட்டால் −3 + 1 = −2. அவசரத்தில் நான் −3 − 1 = −4 என்று எழுதினேன். அப்படி எழுதினால் S3 = 34 என்று வரும். சமன்பாடு λ³ − 11λ² + 36λ − 34 = 0 ஆகிவிடும்.

இப்போது λக்கு 1 போட்டுப் பாருங்கள், −8 வருகிறது. 2 போட்டால் 2. 3 போட்டாலும் 2. 6 போட்டாலும் 2. எந்த முழு எண்ணுக்கும் பூஜ்யம் வராது. தேர்வு அறையில் நான் மனதுக்குள் "கேள்வியே தப்பா இருக்குமோ" என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். தாளில் ஆறு எண்கள் போட்டு அடித்திருக்கிறேன். மேலே நாலாவது வரியில் இருந்த ஒரு மைனஸைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அதனால் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் வரும் 3×3 அணிக்குப் பெரும்பாலும் முழு எண்ணாக ஒரு மூலமாவது கிடைக்கும். S3ஐ வகுக்கும் சிறிய எண்களை, அதாவது 1, −1, 2, −2, 3, −3 என்று போட்டுப் பார்த்தும் எதுவும் ஒத்துவரவில்லை என்றால் மேற்கொண்டு எண் தேடாதீர்கள். நேராக S3க்குப் போய் நடு உறுப்பின் குறியைப் பாருங்கள். அப்புறம் S2. பத்தில் எட்டுத் தடவை தப்பு அங்கேதான் இருக்கும் என்று என் நோட்டைப் பார்த்தே சொல்ல முடியும்.

சரியான சமன்பாடு λ³ − 11λ² + 36λ − 36 = 0. λ = 2 போட்டால் 8 − 44 + 72 − 36 = 0. ஒரு மூலம் கிடைத்துவிட்டது. 12ஆம் வகுப்பில் சமன்பாட்டியல் பாடத்தில் படித்த தொகுமுறை வகுத்தலைப் போட்டால் λ² − 9λ + 18 மிஞ்சும். அது 3, 6 என்று பிரியும். ஆக ஐகன் மதிப்புகள் 2, 3, 6.

மேலே போவதற்கு முன் அரை நிமிடம் செலவழித்துச் சரிபாருங்கள். மூன்றையும் கூட்டினால் S1 வர வேண்டும்: 2 + 3 + 6 = 11. மூன்றையும் பெருக்கினால் S3 வர வேண்டும்: 36. இரண்டும் சரி. ஆனால் இந்தச் சோதனை ஒரு தப்பைக் காட்டாது. S3ஐயே தப்பாகக் கண்டுபிடித்து, தற்செயலாக மூலமும் கிடைத்துவிட்டால் பெருக்கல் ஒத்துப்போகத்தான் செய்யும். அதனால் S3ஐ மட்டும் இரண்டாவது நிரை வழியாகவும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள்.

ஐகன் வெக்டர் காண, மூலைவிட்ட எண்களிலிருந்து λவைக் கழித்து சமன்பாடுகள் எழுத வேண்டும். λ = 2க்கு முதல் இரண்டு வரி: x − y + z = 0, −x + 3y − z = 0. இரண்டையும் கூட்டினால் 2y = 0, அப்புறம் x = −z. வெக்டர் (1, 0, −1). இதே போல λ = 3க்கு (1, 1, 1), λ = 6க்கு (1, −2, 1) வரும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த அணி சமச்சீர் அணி, அதாவது மூலைவிட்டத்துக்கு இரு பக்கமும் ஒரே எண்கள். அப்படிப்பட்ட அணியில் வெவ்வேறு ஐகன் மதிப்புகளுக்கான வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தே ஆக வேண்டும். (1, 0, −1), (1, 1, 1) இரண்டையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் 1 + 0 − 1 = 0. மற்ற இரண்டு ஜோடிகளுக்கும் பூஜ்யம்தான் வரும். எந்த ஜோடிக்காவது பூஜ்யம் வரவில்லை என்றால் ஒரு வெக்டர் தப்பு. வாத்தியார் திருத்துவதற்கு முன் உங்கள் விடை சரியா என்று நீங்களே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

முதல் வாரம் முழுக்க இதை மட்டும் செய்யுங்கள். ஐகன் மதிப்பு வரைக்கும்கூடப் போக வேண்டாம். 11ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு நாளைக்கு எட்டு அணிக்கோவை, ஒவ்வொன்றையும் இரண்டு வெவ்வேறு நிரை வழியாக விரியுங்கள். இரண்டு விடையும் ஒத்துவந்தால் டிக், வராவிட்டால் தப்பான குறியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். வாரக் கடைசியில் சிவப்பு வட்டங்களை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் எனக்கு எட்டில் ஐந்து வட்டம் இருந்தது, ஏழாவது நாள் ஒன்று.

இரண்டாவது வாரம்: வகையிடல்

எல்லை, தொடர்ச்சித் தன்மை பகுதியை ஒரு நாள் புரட்டிப் பார்த்தால் போதும். நேரத்தை வகையிடல் முறைகளுக்குக் கொடுங்கள். பெருக்கல் விதி, வகுத்தல் விதி இரண்டும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தடுக்கி விழுவது சங்கிலி விதியில்தான்.

(x² + 1)⁵ஐ வகையிடச் சொன்னால் நிறையப் பேர் 5(x² + 1)⁴ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் x² + 1ஐயும் வகையிட்டு 2xஆல் பெருக்க வேண்டும். சரியான விடை 10x(x² + 1)⁴.

இதையும் நீங்களே சரிபார்க்கலாம். xக்கு 1 போடுங்கள். சரியான விடை 10 × 16 = 160. தப்பான விடை 5 × 16 = 80. இப்போது கால்குலேட்டரில் x = 1.001க்கு (x² + 1)⁵ கண்டுபிடியுங்கள், 32.1604 வரும். x = 1க்கு அது 32. வித்தியாசம் 0.1604, அதை 0.001ஆல் வகுத்தால் 160.4. 160க்குப் பக்கத்தில் இருக்கிறது, 80க்குப் பக்கத்தில் இல்லை. புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டாமல் விடையைச் சோதித்துக்கொள்ள இந்த முறையை நான் மூன்றாவது வருடத்திலும் பயன்படுத்துகிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். sin, cos வரும் கணக்குக்கு இப்படிச் செய்யும்போது கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும், டிகிரியில் இருந்தால் சரியான விடையும் தப்பு போலத் தெரியும்.

மூன்றாவது யூனிட்டின் பகுதி வகைக்கெழுவுக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். xஐ வைத்து வகையிடும்போது yஐ வெறும் எண்ணாக நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 12ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் இதற்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. வாரக் கடைசியில் நேரம் இருந்தால் பாருங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரம்: தொகையிடல்

இதற்கு ஏன் இரண்டு வாரம்? நான்காவது யூனிட் தெரியாமல் ஐந்தாவது யூனிட்டைத் தொட முடியாது. தொகையிடலை விட்டவர்களுக்கு ஒரே அடியில் 40 மார்க் போய்விடும். மிச்சம் 60இல் 45 எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். "கடைசி இரண்டு யூனிட்டைச் சாய்ஸில் விட்டுடு" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்தத் தாளில் சாய்ஸ் என்பது ஒவ்வொரு யூனிட்டுக்கு உள்ளேயேதான், அ அல்லது ஆ என்று இருக்கும். ஒரு யூனிட்டை முழுதாக விட்டுவிட்டு அதற்குப் பதிலாக இன்னொரு யூனிட்டில் கூடுதலாக எழுத வழியில்லை.

மூன்றாவது வாரம் பிரதியிடல் முறைக்கும் பகுதி பின்னங்களுக்கும். நான்காவது வாரம் பகுதித் தொகையிடலுக்கு. 11ஆம் வகுப்புப் புத்தகத்தில் பெர்னோலி சூத்திரம் என்று ஒன்று இருக்கும். நிறையப் பேர் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். கல்லூரியில் அது தினமும் வேண்டும். x²e²ˣஐத் தொகையிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். x²ஐ ஒரு பக்கம் வகையிட்டுக்கொண்டே போங்கள்: x², 2x, 2. e²ˣஐ இன்னொரு பக்கம் தொகையிட்டுக்கொண்டே போங்கள்: e²ˣ/2, e²ˣ/4, e²ˣ/8. பக்கத்தில் பக்கமாகப் பெருக்கி, குறியை மட்டும் கூட்டல், கழித்தல், கூட்டல் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். விடை e²ˣ(x²/2 − x/2 + 1/4) + C.

சரியா என்று பார்க்க விடையைத் திருப்பி வகையிடுங்கள். e²ˣ(x² − x + 1/2) + e²ˣ(x − 1/2) என்று வரும், நடுவில் எல்லாம் அடிபட்டு x²e²ˣ மட்டும் நிற்கும். தொகையிடல் கணக்கு ஒவ்வொன்றையும் இப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது வாரப் பயிற்சியும் கூடவே நடந்துவிடும். பெர்னோலிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பக்கம் வகையிட வகையிடப் பூஜ்யத்தில் முடிய வேண்டும். e²ˣsin x மாதிரி இரண்டு பக்கமும் முடியாமல் போய்க்கொண்டே இருந்தால், பகுதித் தொகையிடலை இரண்டு முறை போட்டு, திரும்பி வரும் தொகையை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது யூனிட்டுக்கு இப்போதே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை, படம் வரைந்து பழகுவது. y = x² என்ற பரவளையத்தையும் x + y = 2 என்ற கோட்டையும் ஒரே படத்தில் வரைந்து, இரண்டும் (1, 1)இலும் (−2, 4)இலும் வெட்டுவதைக் குறியுங்கள். கல்லூரியில் இரட்டைத் தொகையிடலில் தொகையிடும் வரிசையை மாற்றச் சொல்லும்போது, படம் வரையத் தெரிந்தவர்களுக்குக் கணக்கு பாதி முடிந்த மாதிரி. படம் தப்பானால் எல்லைகளும் தப்பு, அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பயன் இல்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு

நானும் தமிழ் வழிதான். கணக்கு தெரிந்தும் முதல் மாதம் வகுப்பில் வாயடைத்து உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் சொற்கள். அணிக்கோவையை டிட்டர்மினன்ட் என்கிறார்கள், வகைக்கெழுவை டெரிவேட்டிவ், பகுதி வகைக்கெழுவை பார்ஷியல் டெரிவேட்டிவ், மூலைவிட்டத்தை டயகனல், சமச்சீர் அணியை சிம்மெட்ரிக் மேட்ரிக்ஸ். மொத்தம் ஐம்பது, அறுபது சொற்கள்தான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பாடநூல் கழகத்தின் தமிழ் வழிப் புத்தகமும் ஆங்கில வழிப் புத்தகமும் ஒரே பாடம், ஒரே கணக்கு. இரண்டையும் இறக்கிக்கொண்டு, நீங்கள் தமிழில் போட்ட கணக்கின் விளக்கத்தை ஆங்கிலப் புத்தகத்தில் அதே இடத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். புதுச் சொல்லை நோட்டின் பின்பக்கம் தமிழ்ச் சொல்லுக்கு எதிரே எழுதுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து கணக்கின் நடுவே வரும் வாசகங்களை ஆங்கிலத்திலேயே எழுதப் பழகுங்கள். ஒரு கணக்குக்கு நான்கைந்து சின்ன வாக்கியம்தான் வேண்டியிருக்கும், அவையே திரும்பத் திரும்ப வரும்.

நேரமும் இடமும்

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்லூரிகள் பெரும்பாலும் ஊருக்கு அந்தப் பக்கம். என் கல்லூரிப் பேருந்து சுங்கச்சாவடிக்குக் காலை ஆறு மணிக்கு வரும். திரும்பி வரும்போது கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் ஏழு மணியும் ஆகும். பேருந்தில் கணக்குப் போடலாம் என்று முதல் மாதம் நினைத்தேன், எழுத்து ஆடியதுதான் மிச்சம். பேருந்தில் சூத்திரங்களை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிப் போடுவதற்கு ஒரு மணி நேரம் தனியாக வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தை இந்த நான்கு வாரத்திலேயே பிடித்துவையுங்கள், கல்லூரி தொடங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. எங்கள் வீடு ஒரே அறை. அம்மா மீன் எடுக்கக் காசிமேட்டுக்கு மூன்றரை மணிக்கு எழுந்து கிளம்புவார். அவர் லைட் போடும்போது நானும் எழுந்துகொள்வேன். நான்கிலிருந்து ஐந்து வரை வீட்டில் டிவி இல்லை, பேச்சு இல்லை. பள்ளியில் மாலையில் படித்துப் பழகிய எனக்கு இது ஒத்துவரப் பத்து நாள் ஆனது. உங்கள் வீட்டில் அந்த அமைதியான நேரம் எது என்று பாருங்கள். மாலை நேரம்தான் முடியும் என்றால் பக்கத்துக் கிளை நூலகத்தில் போய் உட்காருங்கள்.

மற்ற பாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. லேப்டாப் இப்போது வேண்டாம், எங்களுக்கு முதல் செமஸ்டர் பைத்தானுக்குக் கல்லூரி லேப் போதுமாக இருந்தது. அந்தத் தேர்வையும் தாளில்தான் எழுதினோம், அதனால் நிரலைக் கையால் எழுதிப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டையும் வகுப்பு தொடங்கியபின் படித்துக்கொள்ளலாம். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்திலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக லீவு போட்டால், பருவமழையில் தெருவில் தண்ணீர் நின்று உண்மையாகவே போக முடியாத நாட்களுக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.

கணக்கில் அரியர் விழுந்தால் அதை அடுத்த செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுத வேண்டும். அந்த செமஸ்டரிலும் ஒரு கணக்குப் பேப்பர் இருக்கிறது. நான் அப்படித்தான் எழுதினேன். அந்த டிசம்பரோடு முடியவில்லை, அடுத்த வருடம் ஏப்ரல் வரைக்கும் 11ஆம் வகுப்பு இரண்டாம் தொகுதியோடுதான் இருந்தேன். பாஸ் ஆனேன். அதை நீங்கள் இப்போதே, எந்தப் பேப்பரும் தலைமேல் இல்லாத இந்த நான்கு வாரத்தில் செய்துவிடலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு மாடிக்கு வாருங்கள். நோட்டு, சிவப்புப் பேனா, இரண்டாம் தொகுதி மூன்றையும் எடுத்து வாருங்கள். என் விடைத்தாள் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது, அந்த மைனஸ் குறி இருக்கும் பக்கத்தை உங்களுக்குக் காட்டுகிறேன். வருவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் போட்டு வாருங்கள்:

```
2  2  1
1  3  1
1  2  2
```

S1 = 7, S2 = 11, S3 = 5 வர வேண்டும். மூன்று ஐகன் மதிப்புகளில் இரண்டு ஒன்றாகவே இருக்கும். அப்படி வந்தால் வெக்டர் எப்படி எடுப்பது என்பதை மாடியில் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா
மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரிகல்
தண்டையார்பேட்டை